தமிழில் புகார் எழுதித் தோற்பது எப்படி

முதலில், ஆட்சியர் அலுவலக வாசலில் மனு எழுதுபவரின் நடையிலேயே தொடங்குங்கள். "ஐயா, வணக்கம். நான் பெரம்பலூர் மாவட்டம், வேப்பந்தட்டை வட்டத்தில் வசித்து வருகிறேன்." திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு இது சரி. கஸ்டமர் கேர் ஊழியரின் திரையில் ஒரு புகாருக்கு ஒரு வரிதான் தெரியும். அந்த வரியில் உங்கள் வட்டம் இருக்கும், போன காசு இருக்காது.

அடுத்து, ஊர்ப்பேச்சைக் கைவிடாதீர்கள். நானும் கைவிடவில்லை. அரியலூரில் ஒரு ஏ.டி.எம்மில் 5,000 ரூபாய் கேட்டேன். இயந்திரம் கடகடவென்று சத்தம் போட்டது, நோட்டு வரவில்லை, பணம் எடுத்ததாக மெசேஜ் மட்டும் வந்தது. "காசு வரல, ஆனா கணக்குல புடிச்சிட்டாங்க" என்று வங்கிக்கு எழுதினேன். மூன்றாம் நாள் ஆங்கிலத்தில் பதில்: எங்கள் சேவை உங்களுக்குப் பிடித்ததில் மகிழ்ச்சி. புகார் முடித்துவைக்கப்பட்டது. தமிழ் தெரியாத யார் கைக்கோ போவதற்குள் 'புடிச்சது' பாராட்டாகிவிட்டது.

கோபத்தில் புதுப் புகார் போடுவது அடுத்த படி. நல்லவேளை, அதை மட்டும் நான் செய்யவில்லை. பழைய எண்ணிலேயே பதில் எழுதினேன்: "ஏ.டி.எம்மில் பணம் வரவில்லை. 5,000 ரூபாய் கணக்கில் கழிக்கப்பட்டுள்ளது." கீழே தேதி, நேரம், துண்டுச்சீட்டில் இருந்த பரிவர்த்தனை எண். இதுவும் தமிழ்தான், ஆனால் இரண்டு அர்த்தம் தரும் சொல் இல்லை. 2019இல் ரிசர்வ் வங்கி போட்ட விதிப்படி, இப்படிப் போன பணத்தை 5 நாளுக்குள் வங்கியே திருப்ப வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய். அதையும் ஒரு வரி சேர்த்தேன். இம்முறை மகிழ்ச்சி தெரிவிக்காமல் பணத்தை அனுப்பினார்கள்.

மொழிச் சண்டையில் இறங்கித் தோற்க நினைப்பவர்கள் கொஞ்சம் யோசிக்கவும், ஜெயித்துவிட வாய்ப்பு உண்டு. 2021 அக்டோபரில் சொமேட்டோவில், வராத உணவுக்குப் பணம் கேட்டார் ஒரு தமிழ்நாட்டு வாடிக்கையாளர். உணவகத்தோடு பேச மொழி தடையாக இருக்கிறது என்றது கஸ்டமர் கேர். தமிழ்நாட்டில் கடை நடத்தினால் தமிழ் தெரிந்தவரை வைக்க வேண்டியதுதானே என்றார் இவர். இந்தி தேசிய மொழி, எல்லோருக்கும் கொஞ்சமாவது தெரிய வேண்டும் என்று பதில் வந்தது. அவர் அதைப் படமெடுத்து ட்விட்டரில் போட, நிறுவனம் தமிழிலேயே மன்னிப்புக் கேட்டு, கோவையில் தமிழ் கால் சென்டர் அமைப்பதாகவும் சொன்னது. எல்லாருடைய ஸ்க்ரீன்ஷாட்டுக்கும் இந்த மரியாதை கிடைக்காது.

கடைசியாக, முதல் புகார் எண்ணைத் தொலைத்துவிடுங்கள். அது கையில் இருந்தால், வங்கி 30 நாள் பதில் சொல்லாதபோது ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போய்விடுவீர்கள். அங்கே தபாலில் அனுப்பும் புகார் எந்த மொழியிலும் இருக்கலாம். தமிழ்க் கடிதம் போய்ச் சேரும் ஊர் சண்டிகர்.