குழந்தையின் முகம் பார்க்க ஒரு ஸ்கேன்

கேள்வி: லண்டனில் ஏழு மாதக் கர்ப்பிணியான என் மகள், ஸ்டூடியோவில் முப்பரிமாண ஸ்கேன் எடுத்துக் குழந்தையின் முகத்தைப் பார்க்க ஆசைப்படுகிறாள். எடுக்கலாமா?

பதில்: ஆல்பத்துக்கு என்றால் ஒருமுறை, சில நிமிடங்கள் போதும். ஒலி அலை திசுக்களைச் சற்றே சூடாக்கக்கூடும் என்பதால், படத்துக்காக மட்டும் ஸ்கேன் வேண்டாம் என்கிறது அமெரிக்காவின் எஃப்.டி.ஏ.

முகம் தெளிவாகத் தெரிய, அதன் முன்னே பனிக்குட நீர் இருக்க வேண்டும். குழந்தை நஞ்சுக்கொடியில் முகம் புதைத்திருந்தால் எந்த இயந்திரமும் களிமண் உருண்டையைத்தான் காட்டும். அப்படியானால் மறுபடி எடுப்பார்களா என்று பணம் கட்டும் முன்பே கேட்டுவிடுவது நல்லது.

ஆனால், அழகான முகத்துக்குப் பின்னால் இதயக் குறை இருக்கலாம். அதைத் தேடுவது பிரிட்டன் அரசு மருத்துவமனைகளின் 20-வது வார ஸ்கேன். இதயம், முதுகெலும்பு, உதடு என்று 11 குறைபாடுகளுக்காக உறுப்பு உறுப்பாகப் பார்ப்பார்கள். ஸ்டூடியோ படம் அதற்கு மாற்றாகாது.

குழந்தையின் அசைவு குறைந்ததாகத் தோன்றினால் ஸ்டூடியோவுக்குப் போகவே கூடாது. அங்கே துடிப்பு கேட்டாலும், நஞ்சுக்கொடி சரியாக வேலை செய்கிறதா என்று அது சொல்லாது. மகள் அன்றே, இரவானாலும், மகப்பேறு பிரிவை அழைக்க வேண்டும்.