புள்ளியா, சேறா?

தருமபுரி நடுகல்லுக்குப் பேர்போன மாவட்டம். ஆயிரம் வருடத்துக் கல்லில் உள்ளதைப் படித்துச் சொல்ல அறிஞர்கள் இருக்கிறார்கள். தொப்பூர் கணவாயில் நிற்கும் லாரியைப் படிக்கத்தான் ஆளில்லை. அந்தக் குறையைத் தீர்க்க அக்கா மகன் ஒரு படம் அனுப்பினான். "மாமா, இதுல என்ன எழுதியிருக்கு?"

பத்துச் சக்கர லாரி. இடப்பக்கமும் பின்பக்கமும் தெரிகின்றன. முதல் சிக்கல், புள்ளி. மழைக்காலத்துப் படம் என்பதால் பின்கதவு முழுக்கச் சேறு தெறித்திருந்தது. 'சிறு குடும்பம் சீரான வாழ்வு' என்ற வாசகத்தில் சேற்றுப்பொட்டுகள் வேண்டாத எழுத்துக்கெல்லாம் புள்ளி வைத்திருந்தன. வல்லினம் மிகுமா என்று தமிழாசிரியர்கள் மல்லுக்கட்டுவார்கள். இங்கே டயரே முடிவு செய்துவிட்டது.

இதற்கு வழி இருக்கிறது. லாரி பெயின்டர் நிழல் எழுத்துதான் போடுவார். மஞ்சள் எழுத்துக்கு வலப்பக்கம் கீழே கறுப்பு நிழல். எழுத்துக்கு விழுகிற நிழல் புள்ளிக்கும் விழும். சேற்றுக்கு யார் நிழல் வரைவார்கள்? நிழலில்லாத புள்ளிகளைத் தள்ளினேன், வாசகம் சுத்தமாக வந்தது. 'ஒலி எழுப்பவும்' என்பதில் தார்ப்பாய்க் கயிறு மறைத்த 'ஒலி'யையும் இப்படித்தான் மீட்டேன். எழுத்து ஒளிந்தாலும் நிழலின் நுனி கயிற்றுக்கு வெளியே எட்டிப் பார்த்தது.

வண்டியில் வரைந்த பூவும் மயிலும் பெருமைக்கு. உண்மை வேண்டுமென்றால் இடப்பக்கத்து வெள்ளைப் பொடி எழுத்தைப் பார்க்க வேண்டும். வெறும் வண்டி எடை 9,000 கிலோ, சரக்கோடு மொத்தம் 25,000. கழித்தால் ஏற்றக்கூடியது 16 டன். பத்துச் சக்கர வண்டிக்கு மொத்த எடையை 28.5 டன்னாக அரசு உயர்த்தியது 2018இல். ஆகவே வண்டி அதற்கு முந்தியது என்று ஊகிக்கலாம். ஊகம்தான், எழுத்தை மாற்றச் சோம்பல்பட்ட உரிமையாளராகவும் இருக்கலாம். நம்பர் பிளேட்டில் டி.என். 28, அதாவது நாமக்கல். தருமபுரி என்றால் 29 இருந்திருக்கும்.

கேபின் கதவில் பிள்ளைகளின் பெயர்கள். இரண்டு பெயர்கள் வெயிலில் வெளுத்து, கதவின் அகலத்துக்கு அளந்து எழுதியவை. மூன்றாவது கைப்பிடிக்கும் கீலுக்கும் நடுவே, பளபளவென்று, பாதி அளவில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறது. இந்தக் கதவைப் பின்கதவு வாசகத்தோடு சேர்த்துப் படித்தால் குடும்ப வரலாறே கிடைக்கிறது. சிறு குடும்பத்தை அழிக்கப் பெயின்டர் தனிக்கூலி கேட்டிருப்பார்.

இவ்வளவு படித்தபின் பெயின்டரோடு பேச ஆசை வந்தது. மூலையில் கையெழுத்தும் செல் நம்பரும் போட்டிருந்தார். ஊருக்கெல்லாம் நிழல் போட்ட மனிதர் தன் நம்பருக்கு மட்டும் போடவில்லை. கடைசி எண் 3ஆ, சேறு பூசிய 8ஆ? 3 போட்டேன். ஓசூரில் ஒரு கோழிக்கடைக்காரர் எடுத்து, "எத்தனை கிலோ சார்?" என்றார்.