கிராம்காரர்

இப்போது தெருவுக்கு ஒருவர் இருக்கிறார். ஜிம்மில் சேர்ந்து மூன்றாவது மாதம் அவர் வீட்டுச் சமையல் மேடையில் ஒரு டிஜிட்டல் தராசு வந்து உட்காரும். அதுவரை அந்த வீட்டில் எடை போட்டு வாங்கிய பொருள்களில் மரியாதைக்குரியது தங்கம் ஒன்றுதான். இனிமேல் இட்லியும் அந்த வரிசையில் சேரும். "சாப்பிட்டாச்சா தம்பி?" என்று கேட்டுப் பாருங்கள். "இன்னும் புரோட்டீன் பன்னிரண்டு பாக்கி" என்பார்.

பயிற்சியாளர் அவருக்குச் சொன்னது ஒரே வரி. தினம் 2000 கலோரி. அதில் கார்ப் 40, புரோட்டீன் 30, கொழுப்பு 30 சதவீதம். சதவீதத்தை யாரும் கரண்டியால் பரிமாற முடியாது என்பதால், அதை கிராமாக்கும் பொறுப்பு நம்மவர் தலையில் விழுந்தது. புரோட்டீனும் முப்பது, கொழுப்பும் முப்பது. ஆக இரண்டும் ஒரே எடை என்று முடிவு கட்டி, தினம் 150 கிராம் கொழுப்பு சாப்பிட ஆரம்பித்தார். நெய்யும் வேர்க்கடலையுமாக வீடு மணந்தது. ஒரு மாதத்தில் பேன்ட் பொத்தான் ஆட்சேபம் தெரிவித்தபோதுதான் கணக்கைத் திரும்ப எடுத்தார்.

அந்தச் சதவீதம் கலோரியில் பங்கு, எடையில் அல்ல. கார்ப், புரோட்டீன் இரண்டிலும் கிராமுக்கு ஏறக்குறைய 4 கலோரி, கொழுப்பில் 9. ஆகவே 2000-ல் 30 சதவீதமான 600 கலோரியை நாலால் வகுத்தால் புரோட்டீன் 150 கிராம். அதே 600-ஐ ஒன்பதால் வகுத்தால் கொழுப்பு 67 கிராம்தான். கார்ப் 800 கலோரி, அதாவது 200 கிராம். வகுத்ததைத் திரும்பப் பெருக்கிக் கூட்டினால் 2000-ஐ ஒட்டி வரவேண்டும். வராவிட்டால் எங்கோ ஒன்பதுக்குப் பதில் நாலு புகுந்திருக்கிறது.

இத்தோடு நின்றிருந்தால் அவர் மனிதர். நின்றாரா? எல்லாவற்றையும் நாலு வேளைக்குச் சமமாகப் பிரித்தார்: வேளைக்குக் கார்ப் 50, புரோட்டீன் 37, கொழுப்பு 17. நாள் முடிவில் மொத்தம் சரியாக இருந்தால் போதும், வேளைக்கு வேளை கொஞ்சம் ஏறி இறங்கலாம் என்று பயிற்சியாளரே சொல்லிப் பார்த்தார். ஒவ்வொரு தட்டிலும் ஐந்தொகை பைசா சுத்தமாக நிற்க வேண்டும் என்பது நம்மவர் கொள்கை.

காலை ஏழரைக்கு அவர் வீட்டுக்குப் போனால் இந்தக் காட்சியைக் காணலாம். நாற்பது கிராம் இட்லி ஒன்றில் கார்ப் சுமார் 8 கிராம். ஆறு இட்லி வைத்ததும் கார்ப் கிட்டத்தட்ட நிறைந்துவிட்டது. ஆனால் ஆறிலும் சேர்த்துப் புரோட்டீன் பத்துக்குள்தான். மீதி இருபத்தேழுக்கு முட்டை. ஒரு முட்டையில் புரோட்டீன் ஆறு, ஆகவே ஐந்து முட்டை போட்டால் முடிந்தது என்று நாம் நினைப்போம். முட்டைக்கு ஐந்து கிராம் கொழுப்பு கூடவே வருமே! பதினேழு போதும் என்ற இடத்தில் இருபத்தைந்து. ஒன்றை நிமிர்த்தினால் இன்னொன்று சாய்கிறது. அரைமணி நேரம் யோசித்து இரண்டு முழு முட்டை, நாலு வெள்ளைக்கரு என்று தீர்வு கண்டார். கொழுப்பில் இன்னும் ஐந்து கிராமுக்கு இடம் இருந்தது. அதில் ஒரு சின்னக் கரண்டி நல்லெண்ணெயை மிளகாய்ப்பொடியில் விட்டுக்கொண்டார். உண்மையிலேயே அழகான கணக்கு; பத்தாம் வகுப்பில் வராத மதிப்பெண் இங்கே வந்தது. இட்லி ஆறிப்போனது தனிக்கதை.

மதியம் சோற்றில் வேறு வம்பு. 50 கிராம் கார்புக்கு 64 கிராம் அரிசி என்று எங்கோ படித்து, வெந்த சோற்றை 64 கிராம் நிறுத்துத் தட்டில் வைத்தார். பூனைக்கு வைத்த அளவு இருந்தது. அந்த 64 பச்சரிசியோ புழுங்கலோ, வேகவைக்காத அரிசிக் கணக்கு. அது நீரை உறிஞ்சிச் சோறானால் ஏறக்குறைய 180 கிராம். நாலு மணிக்கு அவர் கை நடுங்க முறுக்கு டப்பாவைத் திறந்தபோது, கோளாறு எங்கே என்று எனக்கே தெரிந்துவிட்டது. குழைய வடித்தால் எடை இன்னும் கூடும் என்பதால், வீட்டுக்கே அரிசியை வேகுமுன் நிறுத்து, வெந்தபின் மொத்தத்தையும் நிறுத்து, அந்த விகிதத்தில் தன் பங்கை எடுப்பதே சரி. இதையும் கண்டுபிடித்துவிட்டார். குக்கரைத் தராசில் ஏற்ற முயன்றார். தராசு ஐந்து கிலோவோடு கைவிரித்தது.

அவர் அம்மாவோ, எந்தக் கணக்கிலும் சேராத தேங்காய்ச் சட்னிக் கரண்டியோடு பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

"டேய், கொஞ்சம் சட்னி ஊத்திக்கடா."

"அம்மா, அது கொழுப்பு! ஏற்கெனவே பதினாறு ஆயிடுச்சு."

"நான் எங்கடா கொழுப்பு ஊத்தறேன், சட்னிதானே ஊத்தறேன்" என்று ஊற்றிவிட்டார். நம்மவர் போனை எடுத்து இரவுக் கணக்கில் ஏழு கிராமைக் கழித்துவிட்டு, தட்டை வழித்துச் சாப்பிட்டார்.