நான் படுத்துவிட்டால் கடை நடக்க வேண்டிய விதம்

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் வலை, கயிறு, மிதவை விற்கிறவன் நான். திடீரென்று ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டால் வீட்டார் கடையை நடத்த வேண்டுமே என்று மகனுக்கு ஒரு குறிப்பு எழுதிக் கல்லாப்பெட்டிக்குள் ஒட்டியிருக்கிறேன். உயில் என்று நினைத்து ஆவலாகப் படித்த சொந்தக்காரர்கள் ஏமாந்து போனார்கள்.

கயிறு: தம்பி, வாங்க வருகிறவர் பாகக் கணக்கில் கேட்பார். இரண்டு கையையும் அகல விரித்தால் ஒரு பாகம். கை நீளமான ஆள் அளந்தால் நமக்கு நஷ்டம். நாம் விற்பது கிலோக் கணக்கில். அவர் அளந்து முடிக்கட்டும். நீ தராசில் போட்டுப் பில் எழுது.

கடன் நோட்டு: ஆள் பெயரைத் தேடாதே. ஒரே பெயரில் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள் என்பதால் படகின் பெயரில்தான் எழுதியிருக்கிறேன். படகை விற்றாலும் கடன் பழைய முதலாளியுடையதுதான். புதியவரிடம் போய் நிற்காதே. பக்கத்தின் மூலையில் 'ம' என்றிருந்தால் அவர் அம்மாவுக்குத் தம்பி முறை. அங்கே வசூலுக்கு அம்மாவையே அனுப்பு.

தடைக்காலம்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. வலையைச் சரிபார்ப்பது அப்போதுதான். கடையில் கூட்டம் நெரியும், சரக்கு பறக்கும், காசு மட்டும் வராது. கூட்டத்தைப் பார்த்துப் பூரித்து மொத்த வியாபாரிக்குச் செக் கிழித்துவிடாதே. ஜூலை வரை தவணை கேள். ஃபைபர் படகுக்குத் தடை கிடையாது. அந்தப் படகுக்காரர் "தடைக்காலம்பா" என்று இழுத்தால் நம்பாதே. விசைப்படகு கரை திரும்பினால், ஏலம் முடிந்த அன்றே போய் நில். மறுநாள் போனால் அந்தக் காசு டீசலாகவும் ஐஸாகவும் மாறியிருக்கும்.

பாங்க்: கடைக் கணக்கு என் ஒருவன் பேரில் இருக்கிறது. ஸ்கேன் பண்ணுகிற பணமும் அதில்தான் விழும். பணம் வந்ததாகப் பெட்டி கத்தும், எடுக்கத்தான் ஆள் இருக்காது. "நான்தானே நாமினி" என்று அம்மா போய்க் கேட்டால், என் இறப்புச் சான்றிதழைக் கேட்பார்கள். நாமினிக்கு வேலை நான் போன பிறகுதான். அதனால் அம்மா பேரில் பவர் எழுதி பாங்கில் கொடுத்துவிட்டேன். எனக்குப் புத்தி பேதலித்தால் அந்தப் பவரும் செல்லாது. அதற்காக ஒரு மாதச் செலவுக்கான பணத்தை, எங்கள் இருவரில் யாரும் எடுக்கும்படி ஒரு கூட்டுக் கணக்கில் போட்டிருக்கிறேன்.

கடைக்காரர்களே, இந்த வாரமே பாங்குக்குப் போய் வாருங்கள். நாமினி பெயரை எழுதியதோடு கடமை முடிந்ததென்று இருந்தால், நீங்கள் உயிரோடு இருப்பதே வீட்டாருக்குத் தொந்தரவாகிவிடும்.