பத்தரைக்கு விடியும் மனிதர்

ஜார்ஜ்டவுனில் ராக்கோழியார் இல்லாத அடுக்குமாடி கிடையாது. ஜெலுத்தோங் பக்கம் இரவு ஒரு மணிக்கு அண்ணாந்து பாருங்கள். கட்டடமே இருண்டு கிடக்கும்போது ஏதோ ஒரு ஜன்னலில் மட்டும் கைப்பேசி வெளிச்சம் தெரியும். அந்த வெளிச்சத்துக்குப் பின்னால் கைலியும் பனியனுமாய்ச் சோபாவில் சாய்ந்திருப்பவர்தான் நம்மவர். வயது நாற்பதை ஒட்டி இருக்கும். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையின் கொள்முதல் பிரிவில் வேலை. பகலில் பார்த்தால் பாவமாக இருக்கும். நள்ளிரவில் பார்த்தால் ஜமீன்தார் மாதிரி இருப்பார்.

அவருக்குத் தூக்கம் வராத வியாதி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். தலையணையில் தலை பட்டால் மூன்றாவது நிமிடம் குறட்டை கேட்கும். தலையைத் தலையணைவரை கொண்டுபோவதுதான் அவரால் முடியாத காரியம். நெதர்லாந்தின் உத்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் ஃப்ளோர் குரூசேயும் அவருடைய குழுவினரும் 2014இல் இதைத் தனியொரு பழக்கமாகவே எடுத்து ஆராய்ந்தார்கள். வெளியிலிருந்து எந்தத் தடையும் இல்லை, படுக்க வேண்டும் என்று தானே நினைத்த நேரமும் வந்துவிட்டது, ஆனாலும் படுக்காமல் தள்ளிப்போடுவது: இதுதான் அவர்கள் கொடுத்த இலக்கணம். காலை ஒன்பதிலிருந்து இரவு ஒன்பதுவரை, வாரம் ஆறு நாள் உழைக்கும் சீனத்து இளைஞர்கள் இதற்குப் 'பழிவாங்கும் கண்விழிப்பு' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பகல் தன்னைப் பறித்துக்கொண்டதற்கு இரவில் பழிவாங்குகிறார்களாம்.

நம்மவரைக் கேட்டால் அதே நியாயத்தைத்தான் சொல்வார். "அண்ணே, காலையில அஞ்சே முக்காலுக்கு அலாரம். ஏழு மணிக்கு ரோட்டுல ஜேம். அப்புறம் ஆறு மணிவரைக்கும் பாஸுக்கு. வீட்டுக்கு வந்தா புள்ளைக்கு ஹோம்வொர்க், அம்மாவுக்கு மருந்து, பாஸோட வாட்ஸாப்பு. பத்தரைக்கு எல்லாரும் படுத்த பிறகுதான் லா நான் எனக்குக் கிடைக்கிறேன். அப்பவும் படுன்னா எப்படி?"

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பகலில் போன நேரத்தை இரவில் வசூலிக்கும் இந்தக் கடன் கணக்கில் ஒரு கோளாறு உண்டு. கடன் வாங்கியவர் பாஸ். வசூல் நடப்பதோ மறுநாள் காலையில் எழப்போகும் அதே அப்பாவி மனிதரிடம்.

சரி, வசூலித்த நேரத்தில் என்னதான் செய்கிறார்? இந்த விவரம் அவருடைய மனைவியால் அம்பலமானது. கைப்பேசியே எதற்கு எத்தனை நிமிடம் போனது என்று கணக்கு வைத்திருக்கிறது என்பதை மகன் அம்மாவுக்குக் காட்டிக்கொடுத்துவிட்டான். பத்தரையிலிருந்து ஒன்றேகால்வரை மொத்தம் 165 நிமிடம். அதில் யாரோ எங்கேயோ ஆடும் துண்டு வீடியோக்கள் 95. வாட்ஸாப் குழுக்களில் மற்றவர்களின் சண்டையை எட்டிப் பார்த்தது 30. என்ன படம் பார்க்கலாம் என்று தேடித் தேடி ஒன்றும் பார்க்காமல் விட்டது 15. மிச்சம் இருப்பது 25 நிமிடம். அதுதான் அவர் உயிராய் மதிக்கும் மீன்பிடி வீடியோ.

மனைவி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "பால்கனியில துடைப்பத்துக்குப் பக்கத்துல நிக்குதே, அது தூண்டில்தானே?"

சோபாவில் அவரைக் கட்டிப்போட்டிருப்பது ஆசை மட்டுமல்ல, அலுப்பும்தான். படுக்கப் போவது என்பது அவருக்கு ஒரு வேலை அல்ல, ஆறு வேலை. குளிக்க வேண்டும். பல் தேய்க்க வேண்டும். வாசல் கிரில்லுக்குப் பூட்டுப் போட வேண்டும். கேஸ் மூடியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மகனுடைய பள்ளிப் பையில் கையெழுத்துப் போட வேண்டிய தாள் இருக்கிறதா என்று துழாவ வேண்டும். நாளைக்குச் சட்டை தேய்க்க வேண்டும். பன்னிரண்டு மணிக்கு உடம்பு துவண்டு கிடக்கும்போது இந்த ஆறையும் நினைத்தாலே, இன்னொரு வீடியோ பார்ப்பது சுலபமாகத் தெரியும். களைப்பு அதிகமாக ஆக, எழுந்திருப்பது இன்னும் கஷ்டமாகும். களைத்தவர் சீக்கிரம் தூங்குவார் என்று நாம் நினைக்கிறோம். களைத்தவரால்தான் சோபாவை விட்டு எழ முடிவதில்லை. போதாக்குறைக்குப் பத்தரைக்கு ஒரு தே தாரிக். தேநீரிலுள்ள கஃபீனில் பாதி உடம்பை விட்டுப் போகவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். அந்தக் கணக்கில் அதிகாலை மூன்றரைக்கும் பாதித் தேநீர் உள்ளே விழித்திருக்கும்.

இவ்வளவையும் எடுத்துச் சொன்னால் கடைசி ஆயுதமாகச் சூரியனை இழுப்பார். "அண்ணே, பினாங்குல கடிகாரமே பொய் சொல்லுது. இப்ப பன்னிரண்டுன்னு காட்டுதா? சூரியனைக் கேட்டா பத்தே முக்கால்கூட ஆகலம்பான்."

அவர் சொல்வதில் பொய் இல்லை. 1981 டிசம்பர் 31ஆம் தேதி இரவு பதினொன்றரை மணியைப் பன்னிரண்டு என்று மாற்றி, தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி முன்னுக்குத் தள்ளினார்கள். சபா, சரவாக்கோடு ஒரே நேரம் இருக்கட்டும் என்பது எண்ணம். பினாங்கோ நாட்டின் மேற்கு ஓரத்தில் கிடக்கிறது. அதனால் இங்கே கடிகாரம் சூரியனைவிடச் சுமார் ஒரு மணி இருபது நிமிடம் முந்தி ஓடுகிறது. சூரியன் காலை ஏழுக்கு மேல்தான் எட்டிப் பார்க்கிறது. ஆண்டின் பல மாதங்களில் மாலை ஏழரை மணிக்கும் வெளிச்சம் போகாது. சூரியன் இப்படித் தாமதமாக மறையும் ஊர்களில் என்ன நடக்கும் என்று 2019இல் அமெரிக்காவின் நேர எல்லைகளை வைத்து ஓர் ஆய்வு வந்தது. எல்லையின் ஒரு பக்கத்தில் மாலை வெளிச்சம் ஒரு மணி நேரம் கூடுதலாக நிற்கிறது. அங்கே இருப்பவர்கள் மறுபக்கத்து ஆட்களைவிட இரவுக்குச் சராசரியாகப் பத்தொன்பது நிமிடம் குறைவாகத் தூங்குகிறார்கள் என்று அது கண்டது. உடம்பு சூரியனைப் பார்த்துத் தாமதமாகப் படுக்கிறது, அலுவலகம் கடிகாரத்தைப் பார்த்து எழுப்பிவிடுகிறது.

ஆனால் நம்மவர் கணக்கை இரவுக்கு மட்டும்தான் போடுகிறார். காலை அலாரம் அடிக்கும் ஐந்தே முக்கால், அதே சூரியக் கணக்கில் நாலரைகூட இல்லை. அதைச் சொன்னால் பேச்சை மாற்றி, நாசி கண்டாருக்குப் போகலாமா என்பார்.

அந்தச் சூரியனிடமே அவருக்கு வேண்டியது இருந்தது என்பதைக் கண்டுபிடித்தவரும் மனைவிதான். ஆறு மணிக்கு வேலை விட்டதும் நேராகக் காரில் ஏறினால், நெடுஞ்சாலை ஜேமில் ஊர்ந்து வீட்டுக்கு வர ஏழாகிறது. இப்போது செவ்வாயும் வியாழனும் அவர் நேரே வீட்டுக்கு வருவதில்லை. தொழிற்பேட்டைக்குப் பக்கத்திலேயே குயின்ஸ்பே கடலோரம் இருக்கிறது. எதிரே ஜெரெஜாக் தீவு. தூண்டில் கார் டிக்கியில் கிடக்கிறது. ஆறேகால் முதல் ஏழேகால்வரை, வெளிச்சம் இருக்கும்போதே, அவர் தூண்டிலோடு நிற்கிறார். அதற்குள் ஜேமும் தளர்ந்துவிடுவதால் ஏழே முக்காலுக்கெல்லாம் வீடு வந்துவிடுகிறார். ஒரு முழு மணி நேரம் கிடைத்தது, அதற்கு வீட்டு நேரத்திலிருந்து கொடுத்த விலை முக்கால் மணி. இரவில் 165 நிமிடம் விழித்து 25 நிமிடம் பெற்றவருக்கு இது கொள்ளை லாபம்.

இரண்டாவது மாற்றம் அந்த ஆறு வேலைகளில். அவற்றை நள்ளிரவிலிருந்து பிடுங்கி முன்னால் போட்டார்கள். வந்ததும் குளியல். சாப்பிட்டுக் கை கழுவும்போதே பல் தேய்ப்பு. பள்ளிப் பை ஹோம்வொர்க் மேசையிலேயே முடிகிறது. அவர் சட்டை தேய்க்கும் நேரத்தில் மகன் கிரில்லைப் பூட்டுகிறான், கேஸைப் பார்க்கிறான். பத்தரைக்குப் படுக்கை மட்டும்தான் பாக்கி. கைப்பேசி இரவுக்கு வரவேற்பறையிலேயே சார்ஜில் கிடக்கும். சோபாவில் உட்காரத் தோன்றினால், உட்காருமுன் விளக்கை அணைத்துவிட வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். தடை எது என்று முதலில் யோசித்து, 'இது நடந்தால் அடுத்து இதைச் செய்வேன்' என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டு வைப்பது படுக்கையைத் தள்ளிப்போடுவதைக் குறைக்கிறது என்று 2020இல் வெளியான சோதனைகளும் காட்டின. 'இன்றைக்குச் சீக்கிரம் படுப்பேன்' என்ற சபதத்தைவிட இருட்டில் தனியாக உட்காரும் அசௌகரியம் நன்றாக வேலை செய்கிறது.

இதெல்லாம் எல்லாருக்கும் பலிக்காது. பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் முடித்துவிட்டு இரவில் கிராப் ஓட்டுபவரிடம் போய்ப் பல்லை முன்னதாகத் தேய்க்கச் சொன்னால் அடி விழும். அவருக்குக் குறைவது ஒழுங்கு அல்ல, மணி நேரம். 2023 ஜனவரி முதல் சட்டப்படி வார வேலை நேரம் 48இலிருந்து 45ஆகக் குறைந்திருக்கிறது. வேலை நேரத்தை மாற்றிக் கேட்கவும் வழி உண்டு. எழுத்தில் விண்ணப்பித்தால் முதலாளி 60 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும், மறுத்தால் காரணமும் சொல்ல வேண்டும். நம்மவரும் எழுதிப் போட்டிருக்கிறார். ஏழரைக்கு வந்து நாலரைக்குப் போகிறேன் என்று. பதில் இன்னும் வரவில்லை, பாஸின் வாட்ஸாப் மட்டும் வந்துகொண்டிருக்கிறது.

இதில் யாரும் கவனிக்காத இன்னொரு ராக்கோழி அந்த வீட்டிலேயே இருந்தது. எல்லாரும் படுத்த பிறகு பதினொன்றுக்குப் பாத்திரம் கழுவி முடித்து, சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்து சத்தத்தைக் குறைத்துச் சீரியல் பார்ப்பவர் மனைவி. கணவருக்கு மாலையில் ஒரு மணி நேரம் மிச்சமாகிறது என்றால், அது யாரோ ஒருவர் வீட்டைப் பார்த்துக்கொள்வதால்தான். அதனால் மூன்றாவது மாற்றம் வந்தது. திங்களும் புதனும் எட்டு முதல் ஒன்பதரைவரை அம்மாவின் நேரம். சோறு, பாத்திரம், ஹோம்வொர்க், பாட்டி மருந்து எல்லாம் அப்பா.

முதல் திங்கட்கிழமை மனைவி அறைக்கதவைச் சாத்திக்கொண்டார். நம்மவர் கை நிறைய சோப்பு நுரையோடு பத்து நிமிடத்துக்கொரு முறை கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்பதரைக்குக் கதவு திறந்தது.

"என்ன பார்த்த?"

"தூங்கினேன்."

"ஒன்றரை மணி நேரம் உனக்குன்னு கெடைச்சது, அதையா தூங்கிக் கழிச்ச?"

"ஏங்க, உங்க நேரத்துல நீங்க என்ன பண்ணுனீங்கன்னு நான் கேட்டேனா? இதுவரைக்கும் ஒரு மீனாவது வீட்டுக்கு வந்திருக்கா?"