பல்பு மாற்ற மட்டும் லைசென்ஸ் வேண்டாம்

விழுப்புரத்தில் யார் என்ன படித்திருக்கிறார்கள் என்பது கலெக்டரைவிட எனக்கு நன்றாகத் தெரியும். ஜெராக்ஸ், லேமினேஷன் கடை வைத்திருப்பவனுக்கு இந்த ஞானம் தானாகவே வந்துவிடும். மாவட்டத்தின் மொத்தக் கல்வியும் என் மெஷின் கண்ணாடிமேல் ஒருமுறை குப்புறப் படுத்து எழுந்துதான் வேலை தேடிப் போகிறது.

அந்த அனுபவத்தில் ஒன்று சொல்வேன். எந்தக் காகிதம் ரொம்பப் பகட்டாக இருக்கிறதோ, அதைக் கொஞ்சம் சந்தேகமாகப் பாருங்கள். தங்கக் கலர் பார்டர், நட்சத்திர முத்திரை, கல்யாணப் பத்திரிகை கனத்துக்கு அட்டை, மூலையில் தூரத்திலிருந்து பார்த்தால் அரசு முத்திரை போலவும் கிட்டே வந்தால் வேறு என்னவோ போலவும் ஒரு படம். அது பெரும்பாலும் கோர்ஸ் முடித்ததற்கான சான்றிதழாக இருக்கும். சட்டப்படி வேலை செய்ய அனுமதிக்கிற காகிதமோ, ரேஷன் கடை ரசீதுக்கு அண்ணன் மாதிரி வெளிறிப்போய் வந்து நிற்கும்.

என் அக்கா மகன் திண்டிவனத்தில் இருக்கிறான். எலக்ட்ரீஷியன். அந்தப் பக்கம் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஃபைலோடு கிளம்பினான். "மாமா கூடப் போனா ஒரு மரியாதை" என்று அக்கா என்னையும் அனுப்பிவைத்தாள். மரியாதை யாருக்கு என்று அவள் சொல்லவில்லை.

பராமரிப்பு இன்ஜினியர் ஃபைலைத் திறந்தார். முதலில் இருந்தது தங்கப் பார்டர். மூன்று மாத வயரிங் கோர்ஸ்.

"இது என்ன தம்பி?"

"கோர்ஸ் கம்ப்ளீட் பண்ணதுக்கு சார்."

"கம்ப்ளீட் பண்ணது தெரியுது. கத்துக்கிட்டது இதுல எங்க இருக்கு?"

அவன் என்னைப் பார்த்தான். நான் மின்விசிறியைப் பார்த்தேன். இன்ஜினியர் கேட்டது நியாயம்தான். அந்தக் காகிதத்தில் பாடம் நடத்தியவரும் ஒருவரே, பரீட்சை வைத்தவரும் அவரே, கையெழுத்துப் போட்டவரும் அவரே. ஃபீஸ் கட்டிய பையனைப் பெயிலாக்க அவருக்கு என்ன அவசியம்? பையன் வந்து உட்கார்ந்தான் என்பதற்கு அது சாட்சி. அதற்குமேல் அதனிடம் எதுவும் கேட்கக் கூடாது.

"சார், ஐ.எஸ்.ஓ. சர்டிஃபிகேட் வாங்கின சென்டர்" என்றேன், மாமாவின் கடமையாக. கீழே அப்படித்தான் அச்சிட்டிருந்தது. இன்ஜினியர் பொறுமையாக விளக்கினார். ஐ.எஸ்.ஓ. 9001 என்பது அந்த நிறுவனம் தன் நிர்வாக வேலைகளை ஒரு முறைப்படி நடத்துகிறதா என்று பார்த்துக் கொடுப்பது. சேர்க்கைப் பதிவேடு ஒழுங்காக இருக்கிறதா, புகார் வந்தால் என்ன செய்கிறார்கள், அந்த மாதிரி. அங்கே படித்த பையனுக்கு எர்த் ஒயர் எது, நியூட்ரல் எது என்று தெரியுமா என்பதை அது பார்ப்பதே இல்லை.

அடுத்தது ஐ.டி.ஐ. முடித்த தேசியத் தொழிற் சான்றிதழ். இதை அவர் நிமிர்ந்து உட்கார்ந்து படித்தார். இரண்டு வருட எலக்ட்ரீஷியன் படிப்பு. ஆனால் அவர் கவனித்தது வருடக் கணக்கை இல்லை. பாடம் நடத்திய வாத்தியார் ஒருபக்கம் இருக்க, வெளியிலிருந்து வந்த அகில இந்தியத் தேர்வில் தேறியிருக்கிறான் என்பதுதான் அதன் பலம். பாடத்திட்டம் பொது என்பதால், இவனுக்கு மோட்டார் ஸ்டார்ட்டர் கனெக்‌ஷன் கொடுக்கச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள், மெகர் பிடிக்கத் தெரிந்திருக்கும் என்று நேரில் பார்க்காமலே ஓரளவு ஊகிக்கலாம். சான்றிதழ் எண்ணைப் போட்டு நிஜமா என்று இணையத்தில் பார்த்தும் கொள்ளலாம். பார்த்துக்கொண்டார்.

"நல்லது. லைசென்ஸ் இருக்கா?"

"இருக்கு சார்" என்று பட்டென்று எடுத்து நீட்டினான். டி.என். 16 என்று தொடங்கும், கியர் வைத்த இருசக்கர வாகனம் ஓட்டும் உரிமம். இன்ஜினியர் அதையும் திருப்பிப் பார்த்துவிட்டு, "பேனல் ரூமுக்கு பைக்ல போக மாட்டோம் தம்பி" என்றார்.

அவர் கேட்டது கிண்டியில் இருக்கும் தமிழ்நாடு அரசின் மின் உரிமம் வழங்கும் வாரியம் கொடுக்கிற காகிதத்தை. மேற்பார்வையாளர், மின்கம்பியாளர், மின்கம்பியாளர் உதவியாளர் என்று ஆளுக்குத் தகுந்தபடி தகுதிச் சான்றிதழ் தருவார்கள். காண்டிராக்டருக்குத் தனி உரிமம். பெயரில் சான்றிதழ் என்று இருந்தாலும் அது செய்வது லைசென்ஸின் வேலை. காலாவதி ஆகும், புதுப்பிக்க வேண்டும், தப்புச் செய்தால் பிடுங்கிக்கொள்ளவும் முடியும். தங்கப் பார்டருக்கு அந்தக் கவலையே கிடையாது, அதற்குச் சாகாவரம்.

இந்தக் காகிதம் ஏன் வேண்டும்? மின் நிறுவலில் வேலை செய்வதென்றால் உரிமம் பெற்ற காண்டிராக்டர் மூலமாக, தகுதிச் சான்று உள்ளவர் மேற்பார்வையில், அனுமதி உள்ள ஆள்தான் செய்ய வேண்டும் என்று மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிமுறை சொல்கிறது. 1956ஆம் வருட விதிகளிலேயே இது இருந்தது. 2010இல் புது விதிமுறையாக வந்தது, 2023இல் மறுபடி புதுப்பித்தார்கள். பொதுமக்கள்மேல் இரக்கப்பட்டு ஒரு விலக்கும் வைத்திருக்கிறார்கள். 250 வோல்ட்டுக்கு மேற்படாத இடத்தில் பல்பு, ஃபேன், ஃபியூஸ், சுவிட்ச் மாதிரியானவற்றை மாற்றுவதற்கு இதெல்லாம் தேவையில்லை.

டெய்லருக்கு லைசென்ஸ் கேட்காத சட்டம் எலக்ட்ரீஷியனுக்கு மட்டும் ஏன் கேட்கிறது? அக்குள் பிடித்தால் சட்டையைப் போட்ட நிமிஷமே தெரிந்துவிடும். டெய்லரோடு சண்டை போட்டுக்கொள்ளலாம். வயரிங்கில் தப்பு இருந்தால் பல்பு எரியும், ஃபேன் சுற்றும், காசும் கொடுத்து அனுப்பிவிடுவோம். ஃபேஸும் நியூட்ரலும் இருந்தாலே எல்லாம் ஓடும். எர்த் இல்லை என்பது, கிரைண்டர் உடம்பில் கரண்ட் ஏறி யாராவது ஈரக் கையோடு தொடும் அன்றைக்குத்தான் தெரியும். வாங்குபவன் கண்ணுக்குத் தெரியாத தப்பு, தெரியும்போது ஆளை அடித்துவிடும் தப்பு என்பதால்தான் அரசாங்கம் நடுவே வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இதை அக்கா வீட்டு மாடியிலேயே பார்த்தோம். புது போர்ஷன் கட்டி, மருமகனே வயரிங் செய்து, எல்லா விளக்கையும் போட்டுக் காட்டினான். அக்கா கற்பூரம் ஏற்றினாள். தனி சர்வீஸ் வேண்டும் என்று விண்ணப்பிக்கப் போனபோது, உரிமம் பெற்ற காண்டிராக்டரின் சோதனை அறிக்கை வேண்டியிருந்தது. அவருடைய மேற்பார்வையாளர் மெகரோடு வந்தார். மெயினை நிறுத்தி, பல்புகளையெல்லாம் கழற்றச் சொல்லி, லைவ் ஒயருக்கும் எர்த்துக்கும் நடுவே 500 வோல்ட் டி.சி. ஒரு நிமிடம் கொடுத்தார். காப்பு மின்தடை குறைந்தது ஒரு மெகோம் காட்ட வேண்டும். புது வயரிங் என்றால் அதைப்போல் பல மடங்கு காட்டும். எங்கள் மாடி காட்டியது 0.2.

"பல்பெல்லாம் எரிஞ்சுதே!" என்றாள் அக்கா.

"எரியும்மா. இது இருந்தாலும் எரியும்" என்றார் அவர்.

பிறகு ஜங்ஷன் பாக்ஸைத் திறந்து ஒவ்வொரு சர்க்யூட்டாகப் பிரித்து மறுபடி மறுபடி மெகர் வைத்தார். ஹால் தேறியது. சமையலறை தேறியது. பூஜை அறையில் முள் சரிந்தது. சுவரில் மயிலம் முருகன் படம். அதை மாட்டிய ஆணி, பூச்சுக்குள் போகும் பைப்பைத் துளைத்து ஃபேஸ் ஒயரின் மேல்தோலை உரசியிருந்தது. சுவரோ இன்னும் ஈரம் காயவில்லை. படத்தின் ஃபிரேம் இரும்பு. ஆணி அடித்தது யார் என்ற விசாரணையை அக்காவே, தனக்குச் சாதகமாக, உடனே முடித்துவைத்தாள். ஒயரை மாற்றி, ஆணியைத் தள்ளி அடித்த பிறகுதான் அவர் கையெழுத்துப் போட்டார். அந்தக் கையெழுத்துக்குக் கீழே அவருடைய சான்று எண் இருந்தது. நாளை ஏதாவது ஆனால் அந்த எண்ணைத் தேடித்தான் வருவார்கள்.

லைசென்ஸ் இருப்பவரெல்லாம் கெட்டிக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். வீட்டைப் பார்க்காமலே அறிக்கையில் கையெழுத்துப் போட்டுக் காசு வாங்குகிறவர்கள் இந்தத் தொழிலில் உண்டு. மறுபுறம், எங்கள் தெருவில் ஒரு பெரியவர் வாசனையை வைத்தே எந்த சுவிட்ச் கருகுகிறது என்பார். கையில் ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. அவரைப் போன்றவர்களுக்கென்றே ஒரு வழி இருக்கிறது. 21 வயது நிரம்பி, வயரிங் வேலையில் ஐந்து வருட அனுபவம் இருந்தால் மின்கம்பியாளர் உதவியாளர் தகுதிகாண் தேர்வு எழுதலாம், அரசு ஐ.டி.ஐ.க்களில் நடத்துகிறார்கள். "இந்த வயசுல என்னை எவன்யா பெயிலாக்கறது?" என்று பெரியவர் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறார்.

கம்பெனிக்கு வருவோம். "லைசென்ஸுக்கு ஏன் சார் இவ்வளவு?" என்று கேட்டதற்கு, இன்ஜினியர் அலமாரியிலிருந்து ஒரு பதிவேட்டை எடுத்துக் காட்டினார். எந்த மின் கருவியில் யார் கைவைக்கலாம் என்று பெயர் குறித்து, எந்த வேலைக்கு என்றும் எழுதி வைத்திருக்க வேண்டும். மின் ஆய்வாளர் வந்தால் கேட்பார். விபத்து நடந்துவிட்டால் 24 மணி நேரத்துக்குள் தகவல் கொடுக்க வேண்டும். 2003ஆம் வருட மின்சாரச் சட்டத்தின் 161ஆம் பிரிவில் விசாரணை வரும். அங்கே முதல் கேள்வியே வேலை செய்தது யார், அவரிடம் என்ன தகுதி என்பதுதான்.

"உங்க பையன் நல்லா வேலை செய்யறான்னு எனக்குத் தோணலாம். தோணினதை நான் அங்க எழுத முடியாது. அங்க நிக்கப்போறது அவன் இல்ல, நான்தான்" என்றார்.

அதனால் அவருக்குக் காகிதங்கள் மூன்றும் மூன்று உபயோகம். ஐ.டி.ஐ. சான்றிதழைப் பார்த்து ஆளை எடுக்கலாமா, எந்தச் சம்பளத்தில் எடுக்கலாம் என்று முடிவு செய்தார். வாரியத்தின் சான்றைப் பார்த்துத்தான் பேனலுக்குள் கைவிட விடுவார். மூன்றாவதை, பையன் மனம் நோகாமல், "இதையும் வச்சுக்குங்க" என்று ஃபைலுக்கே திருப்பிக் கொடுத்தார்.

வேலை கிடைத்துவிட்டது. கிண்டிக்கு விண்ணப்பம் போயிருக்கிறது. வாரியத்தின் காகிதம் வரும்வரை பதிவேட்டில் அவன் பெயர் ஏறாது. ஏறாதவரை பேனல் ரூம் கதவுக்கு உள்ளே போகக் கூடாது. டூல்ஸ் எடுத்துக் கொடுக்கிறான், ஏணியைப் பிடிக்கிறான், கேன்டீனில் ஃபியூஸ் போன பல்புகளை மாற்றுகிறான். "அவ்வளவு பெரிய கம்பெனியில என்னடா வேலை?" என்று அக்கா கேட்டால், "லைட்டிங் டிபார்ட்மென்ட் மொத்தமும் நான்தாம்மா" என்கிறானாம்.