ஆசிரியர் சமூகத்துக்கு

கணிதக் கட்டுரை ஒன்றை ஆய்விதழுக்கு அனுப்பிவிட்டு ஆறு மாதம் காத்திருப்பது எங்கள் துறையில் சகஜம். நிரூபணத்தை வரி வரியாகச் சரிபார்க்க வேண்டும். அந்த வேலைக்கு நடுவருக்குக் காலணா கிடையாது. ஆனால் எங்கள் கட்டுரை ஓராண்டையும் தாண்டிவிட்டது. கூட்டாசிரியரான என் பழைய மாணவர், "ஒரு மெயில் தட்டிவிடலாமா சார்?" என்று கேட்கத் தொடங்கினார்.

அவருக்கு ஒரு சந்தோஷமும் இருந்தது. இதழின் தளத்தில் வெகுநாள் "Under Review" என்றிருந்தது திடீரென்று "With Editor" ஆனது. "முடிவு ஆசிரியர் கைக்கு வந்துடுச்சு சார்!" எனக்கு வயிற்றைக் கலக்கியது. அறிக்கைகள் வந்து சேர்ந்திருந்தால் இடையில் "Required Reviews Completed" என்று காட்டியிருக்கும். அந்தப் படியே இல்லாமல் பின்னால் போனால், ஒப்புக்கொண்ட நடுவர் யாரோ நழுவிவிட்டார் என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். ஆசிரியர் மறுபடி ஆள் தேடுகிறார். அழைப்பு போனவர்கள் ஒவ்வொருவராகக் கைவிரிக்கிறார்கள்.

மாணவர் எழுதி எடுத்துவந்த கடிதம் "ஆழ்ந்த வேதனையுடன்" தொடங்கி, "வேறு இதழுக்கு அனுப்ப நேரிடும்" என்று முடிந்தது. ஒரே கட்டுரையை இரண்டு இதழ்களுக்கு அனுப்பக் கூடாது. முறைப்படி திரும்பப் பெற்ற பிறகுதான் இன்னொன்றின் வாசலை மிதிக்கலாம், அங்கே காத்திருப்பு முதல் நாளிலிருந்து ஆரம்பிக்கும். நம் காலை நாமே வெட்டிக்கொள்வதாக எதிராளியை மிரட்டுவது என்ன ராஜதந்திரமோ!

நான் எழுதியது இவ்வளவுதான். பொருள் வரியில் கட்டுரையின் பதிவு எண். அதற்குக் கீழே:

"மதிப்பிற்குரிய பேராசிரியருக்கு, மேற்கண்ட எண்ணுள்ள எங்கள் கட்டுரையைச் சென்ற ஆண்டு சமர்ப்பித்தோம். நடுவர் பணி எந்த நிலையில் உள்ளது என்று தெரிவித்தால் மகிழ்வோம். நடுவர் கிடைப்பது சிரமமாக இருந்தால் சில பெயர்களைப் பரிந்துரைக்கிறோம். தங்கள் நேரத்துக்கு நன்றி."

"ஏற்பீர்களா, மாட்டீர்களா" என்று கேட்கவில்லை. கேட்டால் அவசரத்துக்கு "மாட்டோம்" என்பதுதான் சுலபமான பதில். "எந்த நிலையில்" என்று கேட்டால் ஆசிரியர் ஒரு வரியில் பதில் போட்டுவிடலாம். பதிவு எண் இருந்தால் தேடவும் வேண்டாம். பெயர் தருகிறோம் என்ற வரிதான் கடிதத்தின் உயிர். அது அவர் சுமையில் ஒரு மூட்டையை இறக்கிவைக்கிறது. தமிழில் நான்கு முறை "தாழ்மையுடன்" போட்டிருப்பேன். ஆங்கிலத்தில் ஒரு "நன்றி"யோடு அடக்கிக்கொண்டேன்.

மாணவர் படித்துவிட்டு, "கோபமே தெரியலையே சார்" என்றார்.

மறுநாளே பதில் வந்தது. இரண்டாவது நடுவர் விலகிவிட்டாராம். மன்னிப்புடன், மூன்று பெயர்கள் கேட்டிருந்தார் ஆசிரியர். உட்கார்ந்து பட்டியல் போட்டோம். எங்களோடு அண்மையில் சேர்ந்து எழுதியவர்கள் கூடாது, எங்கள் கல்லூரிக்காரர்கள் கூடாது. இவர்களை எல்லாம் கழித்தால், இந்த விஷயம் புரிந்தவர்கள் என்று உலகத்தில் மிஞ்சியது மூன்றே பேர். மூவரின் தேற்றங்களும் போதவில்லை என்றுதான் எங்கள் முன்னுரையே ஆரம்பிக்கிறது.